தேன் தீர்ந்தது, விளம்பரம் தீரவில்லை: கூகுள் விளம்பரத்தை முழுமையாக நிறுத்துவது எப்படி?

மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டங்களில் பெட்டி வைத்துத் தேன் எடுப்பவர்களுக்கு வருமானம் ஆண்டின் முன்பாதியில்தான். இலை உதிர்த்த ரப்பர் மரம் புதுத் தளிர் விடும்போது இலைக்காம்பில் இனிப்பு சுரக்கும். தேனீ அதைத்தான் அள்ளிக்கொண்டு வரும். ஏப்ரல் வரை ஓடும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் கதை தலைகீழாகிவிடும். தேனீக்களுக்கே உணவில்லாமல் பெட்டிக்குள் சர்க்கரைப் பாகு வைக்க வேண்டியிருக்கும்.

அப்படிப் பாகு வைத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் ஓர் அக்கா கைபேசியோடு என் கணினி மையத்துக்கு வந்தார். ஜூலை 2, காலை பதினொரு மணி. முந்தைய நாள் வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியைக் காட்டினார்: 8,283 ரூபாய் 60 காசு பற்று. கூகுளில் தேன் விளம்பரம் போட்டதற்கான பணம்.

“மக்களே, தேன் மே 20ஆம் தேதியே தீர்ந்துவிட்டது. விளம்பரத்தையும் ஜூன் 14ஆம் தேதி நானே நிறுத்திவிட்டேன். பிறகு எதற்கு எடுத்தார்கள்?”

இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நிறுத்திய பிறகும் பணம் போவது ஒன்று. நிறுத்திவிட்டோம் என்று நினைத்தது உண்மையிலேயே நின்றதா என்பது இன்னொன்று. புதிதாக விளம்பரம் போடுபவர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அக்காவின் கணக்கில் இரண்டுமே இருந்தன என்பதால் அதையே வைத்துச் சொல்கிறேன்.

தினசரி பட்ஜெட் என்பது எது?

கூகுள் ஆட்ஸில் ஒரு விளம்பரத் தொகுப்பைக் கேம்பெயின் என்பார்கள். பட்ஜெட் கேம்பெயினுக்குத்தான் கொடுக்கப்படுகிறது. அக்கா கொடுத்திருந்தது நாளொன்றுக்கு 300 ரூபாய். பலரும் இதை “300 ரூபாய் செலவானதும் முடிந்துவிடும்” என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது அப்படி அல்ல. நாளைக்கு இன்னொரு 300, மறுநாள் இன்னொரு 300 என்று, நீங்கள் போதும் என்று சொல்லும்வரை போய்க்கொண்டே இருக்கும். முடிவுத் தேதி என்று ஓர் இடம் உண்டு. ஆனால் நாமாகப் போய் நிரப்பாவிட்டால் அது காலியாகவே இருக்கும். காலியாக இருந்தால் முடிவே இல்லை என்று பொருள்.

அந்த 300கூட ஒரு சராசரிதான். கேட்பவர்கள் அதிகமாக இருக்கும் நாளில் அதன் இருமடங்கு வரை, அதாவது 600 ரூபாய் வரை செலவாகலாம். மந்தமான நாளில் குறையும். மாதக் கணக்கில் பார்த்தால் தினசரித் தொகையை 30.4ஆல் பெருக்கி வரும் தொகைக்கு மேல் பிடிக்க மாட்டார்கள். 300 என்றால் 9,120. ஒரு நாள் 540 போயிருப்பதைப் பார்த்துப் பதறுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அது தவறு அல்ல, விதியே அப்படித்தான்.

இன்னொன்று. சரக்கு தீர்ந்தது விளம்பரத்துக்குத் தெரியாது. அக்கா தம் இணையப் பக்கத்தில் “இந்த ஆண்டுக்கான தேன் தீர்ந்துவிட்டது” என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, அதோடு வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்திருக்கிறார். பக்கம் திறக்கிறதா என்பதுதான் இயந்திரத்துக்குக் கணக்கு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது அல்ல. சென்னையிலும் கோவையிலும் இருந்து ஆட்கள் விளம்பரத்தைத் தொட்டு, உள்ளே வந்து, “தீர்ந்துவிட்டது” என்று வாசித்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள். ஒவ்வொரு தொடுகைக்கும் ஆறேழு ரூபாய்.

முதலில் எந்தக் கணக்கு என்று பாருங்கள்

நிறுத்தும் வேலையைக் கூடியமட்டும் கணினியில் செய்யுங்கள். கைபேசிச் செயலியிலும் முடியும், ஆனால் சின்னத் திரையில் எதோ ஒன்று கண்ணில் படாமல் போய்விடும். ads.google.com திறந்து உள்ளே போனதும் மேலே ஒரு பத்து இலக்க எண் தெரியும். அதுதான் உங்கள் விளம்பரக் கணக்கின் எண். அதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏன் என்றால், ஒரே மின்னஞ்சலுக்குக் கீழே இரண்டு மூன்று விளம்பரக் கணக்குகள் இருக்கலாம். கடையை கூகுள் வரைபடத்தில் பதிவுசெய்யும்போது “விளம்பரம் செய்யுங்கள்” என்று வந்ததைத் தொட்டு ஒன்று உருவாகியிருக்கும். பிறகு தெரிந்த பையன் ஒருவன் முறையாக இன்னொன்று தொடங்கியிருப்பான். நீங்கள் ஒன்றை நிறுத்திவிட்டு மற்றொன்றுக்குப் பணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள். வங்கிக் கணக்கறிக்கையில் அந்தப் பற்றுக்கு எதிரே பெரும்பாலும் GOOGLE ADS என்பதோடு ஒட்டி அந்தப் பத்து இலக்க எண்ணும் இருக்கும். தாளில் எழுதியதும் அதுவும் ஒன்றுதானா என்று சரிபாருங்கள். வேறாக இருந்தால் நீங்கள் தவறான கணக்கில் நின்றுகொண்டிருக்கிறீர்கள்.

அக்காவுக்கு இரண்டு எண்ணும் ஒன்றாகத்தான் இருந்தன. ஆக, பணம் போவது இந்தக் கணக்கிலிருந்துதான்.

பெயரைப் பார்க்காதீர்கள், செலவைப் பாருங்கள்

இடப்பக்கம் Campaigns என்பதைத் தொட்டால் பட்டியல் வரும். மூன்று காரியங்களை இந்த வரிசையிலேயே செய்யுங்கள். பட்டியலுக்கு மேலே வடிகட்டி எதாவது போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டு, எல்லா நிலையில் உள்ள கேம்பெயின்களும் தெரியும்படி வையுங்கள். வலப்பக்கம் மேலே உள்ள தேதியைக் கடைசி ஏழு நாள் என்று மாற்றுங்கள். பிறகு Cost என்ற பத்தியின் தலைப்பைத் தொட்டுச் செலவு வாரியாக அடுக்குங்கள். இப்போது எது பணம் தின்கிறதோ அது தானாக மேலே வந்து நிற்கும்.

அக்காவின் திரையில் இரண்டு வரிகள் இருந்தன. தேன் என்ற பெயரில் ஒன்று. அதன் பக்கத்தில் சாம்பல் நிறக் குறி, Paused, ஏழு நாள் செலவு சுழியம். அவர் சொன்னது உண்மைதான், ஜூன் 14இல் நிறுத்தியதை ஒழுங்காகவே நிறுத்தியிருக்கிறார். ஆனால் அதற்கு மேலே வந்து நின்றது இன்னொன்று. பெயர் test. பச்சைக் குறி, Enabled. தினசரி பட்ஜெட் 100 ரூபாய்.

“அது சோதனைக்குப் போட்டது மக்களே. அதற்குக் காசு போகுமா?”

போகும். மார்ச்சில் அவருடைய உறவுக்காரப் பையன் வேறு இடங்களிலும் விளம்பரம் காட்டிப் பார்ப்போம் என்று போட்டு, கைக்கு வந்த பெயரை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். test, draft, old, sample என்று எந்தப் பெயர் வைத்தாலும் கூகுளுக்கு அது வெறும் பெயர். பச்சைக் குறி இருந்தால் பணம் போகிறது என்று பொருள். எனக்குத் தெரிந்து வீணாகும் பணத்தில் பாதி இப்படி அக்கறையில்லாமல் பெயர் வைத்த கேம்பெயின்களில்தான் போகிறது.

நிறுத்துவது

பட்டியலின் இடது ஓரத்தில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு சிறு கட்டம் உண்டு. நிறுத்த வேண்டியவை எல்லாவற்றிலும் குறியிட்டு, மேலே வரும் Edit என்பதைத் தொட்டு, Pause என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றே ஒன்றுதான் என்றால் அதன் பச்சைக் குறியைத் தொட்டாலே போதும். இதைக் கேம்பெயின் பட்டியலில் நின்றுதான் செய்ய வேண்டும். கேம்பெயினுக்கு உள்ளே விளம்பரக் குழுக்கள் இருக்கும், அதற்குள்ளே தனித்தனி விளம்பரங்கள் இருக்கும். ஒரு விளம்பரத்தை மட்டும் நிறுத்தினால் பக்கத்து விளம்பரம் அதே பட்ஜெட்டை எடுத்துக்கொண்டு ஓடும்.

Pause வேறு, Remove வேறு. இரண்டிலும் செலவு நின்றுவிடும். ஆனால் Remove செய்ததைத் திரும்ப ஓடவைக்க முடியாது. அடுத்த ஆண்டும் தேன் வரும் அல்லவா? எந்தச் சொற்களைத் தேடியவர்கள் வாங்கினார்கள் என்பதையெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு பிப்ரவரியில் மறுபடி ஓட்டலாம். ஆகவே Pause போதும்.

நிறுத்திய பிறகு யாராவது திரும்ப ஓடவைத்துவிடுகிறார்களா என்றும் பார்க்க வேண்டும். யாராவது என்றால் ஆள் மட்டுமல்ல. Tools பகுதியில் Bulk actions, அதற்குள் Rules என்று ஓர் இடம் இருக்கிறது. “வெள்ளிக்கிழமைதோறும் இந்தக் கேம்பெயினை ஓடவை, திங்கட்கிழமை நிறுத்து” என்பதுபோல யாரேனும் எழுதி வைத்திருந்தால், நீங்கள் புதன்கிழமை நிறுத்தியதை அது வெள்ளிக்கிழமை எழுப்பிவிடும். பட்டியல் காலியாக இருந்தால் கவலையில்லை. எதாவது இருந்தால் அதையும் நிறுத்துங்கள். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பது Change history பக்கத்தில் தேதியோடு இருக்கும். சண்டை போடப் போகும் முன் அதை ஒருமுறை வாசிப்பது நல்லது. அக்கா பையனைத் திட்டக் கைபேசியை எடுத்தார். அந்தப் பக்கத்தைக் காட்டியதும், மார்ச்சில் அதே கேம்பெயினுக்கு 50 ரூபாயாக இருந்த பட்ஜெட்டை 100 ஆக்கியது தாமே என்பது தெரிந்து கைபேசியை வைத்துவிட்டார்.

நிறுத்திய பிறகும் வரும் பில்

இனி முதல் கேள்வி. வீட்டில் மின்சாரம் எப்படியோ அப்படித்தான் இதுவும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அளவெடுக்க வருகிறார்கள். நீங்கள் இன்றைக்கு எல்லா விளக்கையும் அணைத்துவிட்டாலும், நேற்றுவரை ஓடிய யூனிட்டுக்குப் பில் வரத்தான் செய்யும். தானியங்கிக் கட்டண முறையில் இருக்கும் கூகுள் கணக்கில், செலவு முதலில் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். உங்கள் கணக்குக்கென்று வைத்திருக்கும் ஒரு வரம்புத் தொகையைத் தொட்டதும் எடுப்பார்கள்; தொடாவிட்டால் மாத பில் தேதியில், பெரும்பாலும் 1ஆம் தேதி, எடுப்பார்கள். இரண்டில் எது முந்துகிறதோ அது.

அக்காவின் கணக்கில் வரம்பு 10,000 ரூபாய். ஜூனில் அதைத் தொடவில்லை. அதனால் அவர் நிறுத்திய நாளிலிருந்து ஜூன் கடைசிவரை வங்கியிலிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. நின்றுவிட்டது என்று அவர் நம்பியதற்கு அதுவும் ஒரு காரணம். கேம்பெயின் பட்டியலில் தேதியை ஜூன் 1 முதல் 30 வரை என்று வைத்துப் பார்த்தோம். தேன் கேம்பெயின் 14 நாளில் 4,140 ரூபாய். test கேம்பெயின் 30 நாளில் 2,880. கூட்டினால் 7,020. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,263 ரூபாய் 60 காசு. மொத்தம் 8,283.60. வங்கிச் செய்தியில் இருந்தது காசு பிசகாமல் அதே தொகை.

இந்தக் கூட்டலை நீங்களும் கட்டாயம் போட்டுப் பாருங்கள். Billing பகுதியில் Transactions என்ற பக்கத்தில் எடுத்த தொகை ஒவ்வொன்றும் தேதியோடு இருக்கும். அதுவும் கேம்பெயின் பட்டியலின் மொத்தமும் வரியோடு சேர்ந்து பொருந்தினால், விளங்காத பணம் எதுவும் போகவில்லை என்று அர்த்தம். பொருந்தாவிட்டால் உங்களுக்குத் தெரியாத இன்னொரு கணக்கு எங்கோ ஓடுகிறதா என்று தேட வேண்டும்.

அக்காவின் 8,283 ரூபாயில் 4,140ம் அதன் வரியும் பழைய பாக்கி, அதாவது நிறுத்துவதற்கு முன்பே செலவானது. மீதிதான் உண்மையான ஒழுக்கு. மே 20 முதல் வீணானது மொத்தம் எவ்வளவு என்றும் கேட்டார். மே கடைசி 12 நாளுக்குத் தேன் கேம்பெயினில் 3,560, test கேம்பெயினில் 1,150. அவற்றையும் சேர்த்தால் வரியில்லாமல் 11,730. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

திரும்பக் கிடைக்குமா? கிடைக்காது. தொட்டவர்கள் உண்மையான ஆட்கள். போலித் தொடுகைகள் என்று கண்டுபிடிக்கப்படுபவற்றுக்கு மட்டும்தான் தொகை கணக்கில் திரும்ப வரவு வைக்கப்படும். தேன் தீர்ந்தது என்பது அதில் சேராது.

செய்யக் கூடாத ஒரு குறுக்குவழி

வங்கிச் செயலியில் போய் அட்டையை முடக்குவது, தானியங்கிப் பற்று அனுமதியை ரத்துசெய்வது, கைபேசியிலிருந்து செயலியை நீக்குவது. பதற்றத்தில் எல்லோரும் முதலில் செய்வது இவற்றில் ஒன்று. செயலியை நீக்குவதால் ஒன்றுமே நடக்காது. அட்டையை முடக்கினால் பணம் எடுக்க முடியாதே தவிர, அந்த நிமிடமே விளம்பரம் நிற்கும் என்று சொல்ல முடியாது. எடுக்க முயன்று தோற்கும்வரை செலவு ஏறிக்கொண்டிருக்கலாம். ஏறிய தொகை உங்கள் பெயரில் கடனாக நிற்கும். அடுத்த ஆண்டு விளம்பரம் போட வரும்போது அந்தப் பாக்கியைத் தீர்க்காமல் கதவு திறக்காது. முதலில் கேம்பெயினை நிறுத்துங்கள், பாக்கியைக் கட்டுங்கள், பிறகு அட்டையைப் பற்றி யோசியுங்கள்.

இனி எப்போதுமே விளம்பரம் வேண்டாம் என்பவர்களுக்குக் கணக்கையே ரத்துசெய்யும் வழி உண்டு. Admin பகுதியில் Preferences பக்கத்தில் Account status என்ற இடத்தில் அது இருக்கிறது. முன்பணம் கட்டி ஓட்டியவர்களுக்கு மிச்சத் தொகையும் அப்போதுதான் திரும்பி வரும். கூகுள் இலவசமாகக் கொடுத்த சலுகைத் தொகை திரும்பாது.

வேறொருவர் உங்களுக்காக விளம்பரம் போட்டு, உள்ளே நுழையும் வழியே உங்களிடம் இல்லை என்றால், மேலே சொன்ன எதுவும் கைகூடாது. நாகர்கோவிலில் இருந்தவர் இப்போது வளைகுடாவில் இருப்பார், கடவுச்சொல் அவரிடம் இருக்கும். அந்தப் பத்து இலக்க எண்ணைச் சொல்லி, உங்கள் மின்னஞ்சலுக்கு Admin நிலையில் அனுமதி தரும்படி கேளுங்கள். “நிறுத்திவிட்டேன்” என்று அவர் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியை நம்பி இருக்க வேண்டாம். உள்ளே போய்ச் செலவுப் பத்தியை நீங்களே பாருங்கள்.

பேஸ்புக்கில், இன்ஸ்டாகிராமில் பதிவை “பூஸ்ட்” செய்தவர்களுக்கும் இதே நோய் உண்டு. எத்தனை நாள் என்று கேட்கும் இடத்தில் “நான் நிறுத்தும்வரை தொடர்ந்து ஓடட்டும்” என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும். அதில் விரல் பட்டிருந்தால் ஓணத்துக்குப் போட்ட விளம்பரம் கிறிஸ்துமஸுக்கும் ஓடிக்கொண்டிருக்கும். அங்கேயும் முடிவுத் தேதியைத்தான் முதலில் தேடுங்கள்.

மறுநாள் ஒருமுறை

நிறுத்தியவுடன் திரையில் தெரியும் செலவு கடைசிக் கணக்கு அல்ல. எண்கள் வந்து சேர மூன்று மணி நேரம் வரை ஆகலாம். அக்கா வந்த அன்று காலை test கேம்பெயினை நிறுத்தியபோது அன்றைய செலவு 31 ரூபாய் என்று காட்டியது. மறுநாள் பார்த்தபோது அதே தேதிக்கு 46. நிறுத்திய பிறகு ஏறியது அல்ல அது. நிறுத்துவதற்குமுன் நடந்தது தாமதமாக வந்து சேர்ந்தது. மூன்றாம் தேதிக்கு எதிரே சுழியம் இருந்தது. அந்தச் சுழியத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நின்றது என்று சொல்ல வேண்டும். அதனால் நிறுத்திய மறுநாள் மாலை இரண்டு நிமிடம் ஒதுக்கி, தேதியை Today என்று வைத்துப் பாருங்கள்.

அடுத்த பருவத்துக்கு இப்போதே ஒன்றைச் செய்து வைக்கலாம். கேம்பெயினின் Settings பக்கத்தில் தொடக்க, முடிவுத் தேதிகளுக்கான இடம் உண்டு. மறுபடி ஓடவைக்கும் நாளிலேயே முடிவுத் தேதியைப் போட்டுவிடுங்கள். அந்த நாள் முடியும்போது விளம்பரம் தானாக நின்றுவிடும். சரக்கு மிச்சம் இருந்தால் தேதியைத் தள்ளிப் போடுவது ஒரு நிமிட வேலை. அக்கா தம் குறிப்பேட்டில் “ஏப்ரல் 30” என்று எழுதி இரண்டு கோடு போட்டுக்கொண்டார்.

போகும்போது இன்னொன்றையும் எழுதிக் கொடுத்தேன். ஜூலை 1இல் test கேம்பெயினுக்கு 104 ரூபாய் ஆகியிருந்தது, 2ஆம் தேதி எவ்வளவில் நிற்கும் என்பது நாளைதான் தெரியும், இரண்டும் வரியோடு ஆகஸ்ட் 1ஆம் தேதி வரும், அதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம் என்று. மறுநாள் 46 உறுதியானதும் கூட்டிச் சொன்னேன்: 150, வரியோடு 177.

ஆகஸ்ட் 1ஆம் தேதி காலையில் அவர் கைபேசியில் கூப்பிட்டார். “மக்களே, 177 எடுத்துவிட்டார்கள்” என்றார். பிறகு பெட்டிக்குப் பாகு வைக்க வேண்டும் என்று வைத்துவிட்டார்.